படம் இல்லாத இருபது வருஷம்

எண்பதாம் பிறந்தநாளுக்கு மண்டபம் பேசி முடித்த கையோடு, ‘ஸ்லைடு யார் போடுறது?’ என்ற பேச்சும் இப்போது வந்துவிடுகிறது. வீட்டில் லேப்டாப் வைத்திருக்கும் பேரன் அல்லது பேத்தி தலையில்தான் அது விழும். அந்தப் பிள்ளை குடும்ப வாட்ஸ்அப் குழுவில், ‘ஆச்சி போட்டோ இருக்கிறவங்க அனுப்புங்க’ என்று ஒரு வரி போடும். இரண்டு நாளில் நூற்றுக்கணக்கான படங்கள் வந்து குவியும். அதில் முக்கால்வாசி கடந்த பத்து வருஷத்துக் கல்யாணங்களிலும் காதுகுத்துகளிலும் எடுத்தவை. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, பின்னால் ஒரு பாட்டை ஓடவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப் போட்ட ஒன்றை மண்டபத்தில் உட்கார்ந்து பாருங்கள். வந்தவர்கள் ஒவ்வொரு படத்திலும் தங்களைத் தேடுவார்கள். பிறந்தநாள்காரர் ஒவ்வொரு படத்திலும் அதே வெள்ளை முடியோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். எண்பது வருஷத்தில் அறுபது வருஷம் திரைக்கு வராமலே போய்விடும்.

இதற்குக் காரணம் சோம்பல் இல்லை. படங்களின் எண்ணிக்கையே தலைகீழாக இருக்கிறது. 1940-களில் கிராமத்தில் பிறந்த பெண்கள் பலருக்குக் கல்யாணத்துக்கு முன் ஒரு படம்கூடக் கிடையாது. கல்யாணத்தில் நாலைந்து, பிறகு குழந்தையோடு ஸ்டூடியோவில் ஒன்று, அப்புறம் ரேஷன் கார்டுக்கோ பேங்க் பாஸ்புத்தகத்துக்கோ எடுத்த சின்னப் படம். மகன் வேலைக்குப் போய் கேமரா வாங்கிய பிறகுதான் ஆல்பம் பருக்கிறது. ஆகவே கையில் உள்ள படங்களை வைத்து ஸ்லைடு திட்டம் போடத் தொடங்கினால், வாழ்க்கை மிகுந்திருந்த இடத்தில் திரை வெறுமையாகவும், ஓய்ந்து உட்கார்ந்த இடத்தில் நிரம்பி வழிந்தும் இருக்கும். கதையை முதலில் வரிசைப்படுத்திவிட்டு, அதற்குப் படம் தேடுவதுதான் சரியான வழி.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல்காட்டுக் கிராமத்தில் பிறந்தவர் என் மனைவியின் ஆச்சி. தாத்தா காலமாகிவிட்டதால் தம்பதியாக உட்கார்ந்து செய்யும் சதாபிஷேகம் இல்லை. பிள்ளைகள் சேர்ந்து ஒரு மதியச் சாப்பாடு, அதற்கு முன் கொஞ்ச நேரம் ஸ்லைடு என்று முடிவானது. அதற்காக நாங்கள் போட்ட திட்டத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நேரம். பந்தி போடுவதற்கு முன்னால் ஒரு கூட்டத்தைப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் உட்கார வைக்க முடியாது. குழந்தைகள் ஓடத் தொடங்கும், பெரியவர்கள் இலை போட்டாச்சா என்று திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு படத்தைக் காட்டி அதன் கதையை ஒருவர் மைக்கில் சொல்ல அரை நிமிஷம் ஆகும். பதினொரு நிமிஷத்துக்கு 22 ஸ்லைடு. அதற்கு மேல் ஒன்று சேர்க்க வேண்டுமானால் உள்ளதில் ஒன்றை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மாமாக்கள் இருவருக்கும் இதில் வருத்தம்தான், ஆனால் அந்தக் கட்டு இல்லாமல் எதுவும் நடந்திருக்காது.

அந்த 22-ஐ இப்படிப் பிரித்தோம். பெயரும் ஊரும் போட்ட முதல் ஸ்லைடு ஒன்று. பிறந்ததிலிருந்து கல்யாணம் வரை ஆறு. கல்யாணமும் முதல் பத்து வருஷக் குடித்தனமும் ஐந்து. பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியது நான்கு. பேரன் பேத்திகளுக்கு இரண்டே இரண்டு. மீதி நான்கும் நன்றிக்கு. ஒரே ஒரு படம்கூட இல்லாத பகுதிக்கு ஆறும், நூற்றுக்கணக்கில் படம் உள்ள பகுதிக்கு இரண்டும் என்று எழுதியபோது பேத்திகள் முகம் சுளித்தார்கள். ஆனால் மண்டபத்தில் இருக்கப்போகிற யாருக்கும் தெரியாத காலம் அந்த முதல் இருபது வருஷம்தான்.

படம் இல்லாத காலத்துக்குத் திரையில் என்ன போடுவது? இணையத்தில் ‘பழைய கிராமம்’ என்று தேடி, யாரோ எடுத்த ஏதோ ஓர் ஊர்க் கிணற்றின் படத்தை எடுத்துப் போடுவதுதான் வழக்கம். அதைச் செய்யவே கூடாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் தம்பி, ‘இது எங்க ஊரு கெணறு இல்லையே’ என்று சத்தமாகச் சொல்லிவிடுவார். அதோடு, பொய்ப் படம் ஒன்று நடுவில் வந்துவிட்டால் அடுத்து வரும் உண்மைப் படத்தையும் கூட்டம் நம்பாமல் பார்க்கும். படம் இல்லாத இடத்தில் பொருளையும் காகிதத்தையும் இடத்தையும் காட்டலாம். அவர் புழங்கிய பொருள் வீட்டில் ஏதாவது மிஞ்சியிருக்கும். ஆச்சி வீட்டில் பருத்தி எடுக்கக் கொண்டுபோன ஓலைப்பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. ஐந்தாம் வகுப்புப் பள்ளிச் சான்றிதழ் தகரப் பெட்டியில் இருந்தது. ஜாதகம் எழுதிய நோட்டு பெரிய மாமாவிடம் இருந்தது. படித்த பள்ளிக்கூடக் கட்டடம் இடித்துக் கட்டப்பட்டிருந்தாலும் வாசல் வேப்பமரம் நிற்கிறது என்று சொன்னார்கள். போய் எடுத்துவந்து, ‘இப்போது எடுத்த படம்’ என்று கீழே எழுதினோம்.

காகிதங்களைப் பார்க்கும்போது பிறந்த தேதியில் ஒரு சிக்கல் அநேகமாக எல்லா வீட்டிலும் வரும். பள்ளிச் சான்றிதழில் 1-6-1945 என்று இருந்தது. ஜாதக நோட்டிலோ பார்த்திப வருஷம் ஐப்பசி மாதம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயது சரியாக வரும்படி வாத்தியாரே ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அதனால் ஒன்றாம் தேதி ஜூன் என்று கண்டால் சந்தேகப்பட வேண்டும். பார்த்திப என்பது 1945 ஏப்ரலில் தொடங்கி 1946 ஏப்ரல் வரை ஓடிய வருஷம். ஐப்பசி என்றால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை. நட்சத்திரமும் நோட்டில் இருந்ததால் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்து நாளைப் பிடிக்க முடிந்தது. இரண்டு தேதிகளையும் ஒரே ஸ்லைடில் போட்டு, ‘வாத்தியார் வைத்த பிறந்தநாள், அம்மா சொன்ன பிறந்தநாள்’ என்று எழுதினோம். கூட்டம் முதலில் சிரித்தது அங்கேதான்.

பொருள்கள் கிடைத்துவிட்டால் அடுத்தது பேச்சு. ‘உங்க சின்ன வயசைப் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டால், ‘என்னத்தச் சொல்ல, எல்லாம் கஷ்டம்தான்’ என்று முடித்துவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, கேள்வி அவ்வளவு பெரியது. ஒரு பொருளையோ ஒரு படத்தையோ கையில் கொடுத்து, அதில் தெரியும் ஒரு சின்ன விஷயத்தைக் கேட்க வேண்டும். போனில் ரெக்கார்டரைப் போட்டு ஓரமாக வைத்துவிடலாம். என் மனைவி கல்யாணப் படத்தைக் கொடுத்து சேலையைப் பற்றிக் கேட்டாள்.

“ஆச்சி, இந்தச் சேல யாரு எடுத்துக் கொடுத்தது?”

“அது எஞ்சேல இல்லட்டி. எங்க மதினி சேல. போட்டாக்காரன் வந்துட்டான்னு அவ பெட்டியிலேந்து எடுத்துக் கட்டிவிட்டா. எடுத்து முடிச்ச ஒடனே அவுத்து வாங்கி மடிச்சிட்டா, கசங்கிரும்னு.”

“உங்க சேல என்ன ஆச்சு?”

“கூறச்சேல சாயம் போயிட்டு. அத கட்டிக்கிட்டு எடுத்தா போட்டாவுல வெளுத்துத் தெரியும்னாவ.”

அறுபது வருஷமாக ஹாலில் தொங்கும் படம் அது. அந்தச் சேலை இரவல் என்பது அவர் பெற்ற மக்களுக்கே தெரியாது. சேலை என்ன நிறம் என்று கேட்டோம். அரக்குக் கரை போட்ட மயில்கழுத்து என்றார். படம் கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும், நிறத்தைக் கீழே எழுத்தில் போடுவோம் என்று தீர்மானித்தோம். பழைய படத்துக்கு யாராவது ஊகத்தில் பச்சையோ சிவப்போ ஏற்றித் தந்தால் வாங்காதீர்கள். கட்டியவர் உயிரோடு இருக்கும்போது அவரைக் கேட்காமல் நிறம் வைப்பது அநியாயம்.

பள்ளிச் சான்றிதழைக் கொடுத்தபோது வேறொன்று வந்தது. அஞ்சு முடிந்து நின்றுவிட்டாராம். “நான் நின்ன மறுவருசம் பள்ளிக்கூடத்துல சோறு போட ஆரம்பிச்சுட்டாவ. எந்தம்பி தின்னான். நானும் ஒரு வருசம் இருந்திருக்கலாம்.” காமராஜர் காலத்தில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது 1956-ல். ஆச்சிக்கு அப்போது வயது பதினொன்று. கணக்கு சரியாகப் பொருந்துகிறது. சான்றிதழ் படம் ஒன்று, அதன் கீழே அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியம், அவ்வளவுதான் அந்த ஸ்லைடு.

பெரியவர்கள் ஆண்டு சொல்ல மாட்டார்கள், சம்பவத்தைச் சொல்வார்கள். அதை ஆண்டாக மாற்றுவது நம் வேலை. கல்யாணம் எப்போது என்று கேட்டதற்கு, “தனுஷ்கோடி போச்சுல்லா, அதுக்கு அடுத்த ஆவணி” என்றார். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 இரவு. அடுத்த ஆவணி 1965 ஆகஸ்டு, செப்டம்பரில் வரும். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று தேடிப்பிடித்தோம், விசுவாவசு வருஷம் ஆவணி மாதம் என்று இருந்தது. 1965 ஏப்ரலில் பிறந்தது விசுவாவசு. அறுபது வருஷச் சுற்று முடிந்து 2025 ஏப்ரலில் மறுபடி பிறந்ததும் அதே விசுவாவசு. ஆச்சிக்கு எண்பது நிறைந்த ஐப்பசி, அவர் கல்யாணம் நடந்த அதே பெயருள்ள வருஷத்தில் வந்தது. இதைக் கண்டுபிடித்த சின்ன மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்காகவே ஒரு ஸ்லைடு அதற்குப் போனது.

எல்லாச் சம்பவமும் இப்படி நேராக வராது. அணாக் கணக்கில் கூலி சொன்னால் அது 1957-க்கு முந்தியது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த வருஷம் ஏப்ரல் முதல் தேதி நயாபைசா வந்தது உண்மைதான். ஆனால் அதன்பிறகும் நெடுநாள் இருபத்தைந்து காசை நாலணா என்றுதான் சொன்னார்கள். உறுதியாகத் தெரியாத இடத்தில் ‘1950-களின் நடுவில்’ என்று எழுதினால் போதும்.

இனி படங்களைக் கணினியில் ஏற்றுவது. இதில் இரண்டே விஷயம் முக்கியம். சின்னப் பெட்டிக் கேமராவில் எடுத்த சதுரப் படங்கள் ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கும். அதை ஸ்கேன் செய்யும்போது 600 டிபிஐ வைத்தால் பக்கத்துக்குச் சுமார் 1,400 புள்ளிகள் கிடைக்கும். திரையின் உயரம் வழக்கமாக 1,080 புள்ளி என்பதால் முகம் தெளிவாக நிற்கும். 300-ல் எடுத்தால் பாதிதான், பெரிதாக்கும்போது கண்ணும் மூக்கும் கலைந்துபோகும். உள்ளங்கையைவிடச் சின்ன படத்துக்கு 600, அதைவிடப் பெரியதற்கு 300 என்று வைத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் ஒரு தடவை எடுத்துவிட வேண்டும். ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இன்னொன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படம். சுவரில் மாட்டிய கல்யாணப் படங்களில் மழைக்கால ஈரம் ஏறி, படத்தின் மேல்பூச்சு பசையாகிக் கண்ணாடியோடு பிடித்துக்கொள்ளும். பிரித்து எடுத்தால் முகம் கண்ணாடியிலும் காகிதம் கையிலுமாக வரும். தண்ணீர் விட்டு ஊறவைக்கச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். பின்னட்டையை மட்டும் கழற்றிவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் வைக்கலாம். ஸ்கேனரில் அடங்காத பெரிய படமானால் ஜன்னல் பக்கம் படுக்கவைத்து, ஒரு கறுப்பு அட்டையில் கேமரா அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் போனில் எடுக்க வேண்டும். அட்டை மறைப்பதால் எடுப்பவரின் நிழலுருவம் கண்ணாடியில் விழாது. ஃப்ளாஷ் கூடாது. ஆச்சியின் கல்யாணப் படத்தை இப்படித்தான் எடுத்தோம். கண்ணாடி இன்றும் அதன்மேல்தான் இருக்கிறது.

படத்துக்குக் கீழே எழுதும் வரியில் எல்லோரும் இடறும் இடம் உறவுமுறை. மாமா எழுதினால் ‘சித்தி’ என்பார், பேத்தி எழுதினால் அதே பெண்மணி ‘சின்னாச்சி’. ஒரே முகம் இரண்டு ஸ்லைடில் இரண்டு முறையில் வந்தால் வெளியிலிருந்து வந்தவருக்குத் தலை சுற்றும். பிறந்தநாள் யாருக்கோ அவர் வாயால் எப்படிக் கூப்பிடுவாரோ அந்த முறையிலேயே எல்லா ஸ்லைடிலும் எழுதிவிட்டோம்: தங்கச்சி, மதினி, மச்சான், மூத்த மருமகள். இரண்டு வரிக்கு மேல் எழுத்து இல்லை. பின்வரிசை எண்பது வயதுக் கண்ணுக்கும் தெரிகிற அளவுக்கு எழுத்து பெரிதாக இருந்தால், இரண்டு வரிக்கு மேல் இடமும் இருக்காது.

படங்களைப் பார்த்துக்கொண்டு வரும்போது யாரும் பேசாத ஒன்று தட்டுப்படும். ஆச்சியின் ஆல்பத்தில் ஒரு கைக்குழந்தைப் படம் இருந்தது. மூன்றாவது பிள்ளை, ஒன்றரை வயதில் போனது. போடலாமா வேண்டாமா என்று பிள்ளைகளுக்குள் இரண்டு கட்சி. இதைப் பிள்ளைகள் தீர்மானிக்கக் கூடாது. ஸ்லைடு எப்படி வருகிறது என்பதை ரகசியமாக வைத்துக்கொள்ளலாம்; எந்தெந்தப் படம் வருகிறது என்பதைப் பிறந்தநாள்காரரிடம் முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். ஆச்சி, “போடு. அவனையும் சேத்துத்தான அஞ்சு பிள்ள” என்றார். வேறு ஒரு படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை, எடுத்துவிட்டோம்.

அப்புறம் நன்றி. ‘எங்களுக்காக வாழ்ந்த அன்புத் தெய்வமே’ என்று ரோஜாப்பூ போட்ட ஸ்லைடை எந்த ஆச்சிக்கும் போடலாம் என்பதாலேயே எங்கள் ஆச்சிக்குப் போட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டோம். நன்றி ஒரு செயலுக்குச் சொல்லப்பட வேண்டும்: அவர் என்ன செய்தார், எப்போது, அதனால் என்ன ஆனது. நான்கு பேர், ஆளுக்கு ஒன்று. திரையில் ஒரு பொருளின் படம் மட்டும், சொல்வது மைக்கில்.

பெரிய மாமா காட்டியது ஒரு அடகுச் சீட்டு. பாலிடெக்னிக் ஃபீசுக்கு ஆச்சி வளையலை வைத்த சீட்டு, திருப்பிய தேதி இல்லாதது. மூத்த மருமகள் காட்டியது ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ். கைக்குழந்தையை ஆச்சியிடம் விட்டுவிட்டுத்தான் அவர் வகுப்புக்குப் போனார். குழந்தை பசிக்கு அழுதால் பள்ளி இடைவேளைக்குத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாராம், மாமியார் மருமகள் பற்றிச் சொல்ல இதைவிட வேறு என்ன வேண்டும். மூன்றாவதாகப் பேசியது குடும்பத்தில் பட்டவர் இல்லை. பக்கத்து வீட்டில் வளர்ந்து இப்போது ஓட்டல் நடத்துபவர். மாலையில் பள்ளிவிட்டு வந்தால் ஆச்சி வீட்டு அடுப்படியில் தனக்கும் ஒரு கும்பா இருக்கும் என்றார், அந்தக் கும்பாவைத்தான் படம் எடுத்திருந்தோம். வெளியாள் ஒருவருக்கு ஓர் இடம் வைத்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பெற்ற பிள்ளைகள் சொல்லும் நன்றியில் கொஞ்சம் கடமை கலந்திருக்கும். நான்காவது கடைசிப் பேத்தி, ரெக்கார்டரில் பதிந்த ஆச்சியின் குரலையே அரை நிமிஷம் ஓடவிட்டாள்: மதினி சேலைக் கதை.

கடைசியில் மண்டபம். பழைய எழுத்துருவில் தமிழ் அடித்திருந்தால் மண்டபத்து லேப்டாப்பில் திறக்கும்போது ஆங்கில எழுத்துக் கூளமாக வந்து நிற்கும். யூனிகோடில் அடித்தாலும் ஒரு பிடிஎஃப் பிரதி பென்டிரைவில் இருக்கட்டும். அதில் எழுத்து மாறாது. குரல் ஓடும் ஸ்லைடு பிடிஎஃப்பில் பேசாது, ஒலிக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் நாளே போய்ப் போட்டுப் பார்த்தால், பகல் வெளிச்சத்தில் திரை வெளுக்கிறதா என்பது தெரிந்துவிடும். வெளுத்தால் திரைச்சீலையை இழுத்துவிடச் சொல்லலாம். பிறந்தநாள்காரரை மேடை நாற்காலியில் கூட்டத்தைப் பார்த்து உட்காரவைத்துவிட்டு அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்லைடு ஓட்டும் கொடுமை நிறைய நடக்கிறது. அந்தப் பதினொரு நிமிஷத்துக்கு மட்டும் அவரை இறக்கி முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

ஸ்லைடு ஓடும்போது ஒருவர் கையில் நோட்டோடு பின்னால் நிற்பது நல்லது. படத்தைப் பார்த்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஐந்தாவது ஸ்லைடில் ஆச்சியின் தம்பி எழுந்து, “வேப்பமரம் இது இல்ல, இது அதோட குட்டி. பெரிய மரம் சாஞ்சு எத்தனையோ வருசமாச்சு” என்றார். ஆச்சி இல்லை என்று மறுத்தார். மனைவியின் சித்தி ஒருத்தி இரண்டையும் எழுதிக்கொண்டாள். அந்த ஸ்லைடின் கீழ்வரி இன்னும் முடிவாகவில்லை.